மேட்டில் நின்றுபோகும் ரோபோ: லித்தியம் பெட்டரிக்குச் சார்ஜ், காவல், துண்டிப்பு – முழுமையான வழிகாட்டி

தலவாக்கலைப் பக்கத்தில் தோட்டப் பாடசாலை மாணவர்கள் சிலர் ஒரு ரோபோ வண்டி செய்தார்கள். எடை நான்கு கிலோ, இரண்டு 12 வோல்ட் கியர் மோட்டர்கள், மூளையாக ஒரு ஆர்டுயினோ நானோ. தேயிலை நிரைகளுக்கு இடையே ஊர்ந்து போய் மண்ணின் ஈரத்தை அளப்பது அதன் வேலை. சமதரையில் அருமையாக ஓடியது. மேட்டில் ஏறத் தொடங்கி இருபது நிமிடத்தில் ஒரு சத்தமும் இல்லாமல் செத்துப்போய், பின்பக்கமாக உருண்டு கானுக்குள் விழுந்தது.

தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தார்கள். "அண்ணே, மீட்டர் 10.6 காட்டுது. பெட்டரியில இன்னும் சார்ஜ் இருக்கு. அப்புறம் ஏன் நிக்குது?" என்று கேட்டான் ஒரு தம்பி. அந்தக் கேள்விக்கான பதில்தான் இந்தக் கட்டுரை. பெட்டரியைக் கட்டுவதிலிருந்து தொடங்கி, சார்ஜ் செய்வது, வெறுமையாகும் முன் நிறுத்துவது என்று வரிசையாகப் போய், அந்த ரோபோ ஏன் நின்றது என்பதைக் கடைசியில் பார்ப்போம்.

## முதலில் ஒரு விஷயம் தெளிவாகட்டும்

கடையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும், பெட்டரியைக் காக்கும் பிஎம்எஸ் பலகையை வாங்கிப் பொருத்திவிட்டால் எல்லாவற்றையும் அது பார்த்துக்கொள்ளும் என்றுதான் பெரும்பாலானோர் நினைக்கிறார்கள். 15 வோல்ட் அடப்டரை நேரடியாகக் குத்துகிறார்கள். "நிறைந்ததும் பிஎம்எஸ் வெட்டிவிடும்" என்கிறார்கள். ரோபோவை அது தானாக நிற்கும்வரை ஓட்டுகிறார்கள். "குறைந்தாலும் வெட்டிவிடும்" என்கிறார்கள்.

வெட்டும், உண்மைதான். ஆனால் எங்கே வெட்டுகிறது என்று பாருங்கள். லித்தியம் அயன் செல் ஒன்று 4.2 வோல்ட்டில் நிறைந்துவிடுகிறது. மலிவான பலகைகள் மேல்பக்கம் 4.25 முதல் 4.35 வோல்ட்டுக்குள் எங்காவது வெட்டுகின்றன. கீழ்ப்பக்கம் பலகைக்குப் பலகை 2.3 முதல் 3.0 வரை. இவை செல் தாங்கக்கூடிய கடைசி எல்லைகள், அன்றாடம் போய் வரவேண்டிய இடங்கள் அல்ல. தினமும் 4.3 வரை ஏற்றி 2.4 வரை இறக்கினால் செல் சில மாதங்களில் கிழடாகிவிடும். இன்னொன்று, பலகையில் வெட்டும் வேலையைச் செய்வது மொஸ்பெட் என்ற மின்னணுச் சுவிச். மொஸ்பெட் கெட்டால் பெரும்பாலும் மின்சாரம் போகும் நிலையிலேயே ஒட்டிக்கொள்கிறது. அந்த நாளில் வெட்ட யாரும் இருக்கமாட்டார்கள்.

அதனால் மூன்று தனித்தனிக் காவல் வேண்டும். சார்ஜர் தானாகவே 4.2-ஐத் தாண்டாமல் நிற்கவேண்டும். ரோபோ தானாகவே 3.3 அளவில் ஓட்டத்தை நிறுத்தவேண்டும். இந்த இரண்டும் தவறும் அபூர்வமான நாளுக்குத்தான் பிஎம்எஸ். அதுவும் தவறினால் ஒரு பியூஸ். நல்ல ரோபோவில் பிஎம்எஸ் வருடத்துக்கு ஒருமுறைகூட வெட்டக்கூடாது. வெட்டினால் ஏதோ பழுது என்று பொருள்.

## படி 1: செல்களைத் தேர்ந்து கட்டுதல்

2022 மின்வெட்டுக் காலத்தில் பழைய லெப்டொப் பெட்டரிகளை உடைத்து ரவுட்டருக்கு மின்சாரம் கொடுக்கப் பலர் பழகிக்கொண்டார்கள். அதே செல்கள்தான் இங்கும்: 18650, அதாவது 18 மில்லிமீற்றர் விட்டம், 65 மில்லிமீற்றர் நீளம். பழைய செல்லை எடுத்தவுடன் மீட்டரால் அளவுங்கள். 2 வோல்ட்டுக்குக் கீழே கிடந்த செல்லை எடுக்காதீர்கள், உயிர்ப்பிக்கவும் பார்க்காதீர்கள். அவ்வளவு ஆழத்தில் உள்ளே இருக்கும் செப்புத் தகடு கரையத் தொடங்குகிறது. மறுபடி சார்ஜ் செய்யும்போது அந்தச் செப்பு வேண்டாத இடத்தில் படிந்து உள்ளேயே ஷோர்ட் ஆக்கிவிடும். வெளியில் பார்த்தால் செல் நன்றாகவே தெரியும்.

மிச்சமானவற்றை 4.2 வரை சார்ஜ் செய்து, ஒவ்வொன்றிலும் வோல்ட்டை எழுதி ஒட்டி, இரண்டு வாரம் சும்மா வையுங்கள். நல்ல செல் 4.15-க்கு மேலேயே நிற்கும். 4.0-க்கு இறங்கியது தானாகக் கசிகிற செல், அதை ஒதுக்குங்கள். இந்த இரண்டு வாரப் பொறுமை பின்னால் வரப்போகும் தலைவலியில் பாதியைக் குறைக்கும்.

நம்முடைய கணக்கில் ஆறு செல்கள். இரண்டிரண்டாகச் சமாந்தரமாக இணைத்தால் மூன்று சோடி. அந்த மூன்றையும் தொடராக இணைக்கிறோம். ஒரு செல் 2 அம்பியர்மணி என்றால் முழுப் பெட்டரி 4 அம்பியர்மணி. நிறைந்தால் 12.6 வோல்ட், சாதாரணமாக 11.1. சமாந்தரமாக இணைக்கும் இரு செல்களுக்கும் இடையே 0.05 வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருக்கக்கூடாது. இருந்தால் தொட்ட நொடியில் ஒன்றிலிருந்து மற்றதற்குப் பெரிய மின்னோட்டம் பாயும்.

இணைப்புக்கு நிக்கல் பட்டியை ஸ்பொட் வெல்டிங் செய்வதே சரி. செல்லின் மேல் நேரடியாகச் சொல்டர் வைத்தால் சூடு உள்ளே போய் செல்லைக் கெடுக்கும். வெல்டர் இல்லாதவர்கள் ஸ்பிரிங் வைத்த செல் தாங்கியைப் பயன்படுத்துகிறார்கள். சின்ன ரோபோவுக்கு அது போதும். ஆனால் 5, 6 அம்பியர் போகும் இடத்தில் ஸ்பிரிங் சூடாகும், குலுக்கலில் தொடுப்பு விட்டு விட்டு வரும். மலைப்பாதையில் ஓடும் வண்டிக்கு நான் தாங்கியைச் சொல்லமாட்டேன்.

## படி 2: பிஎம்எஸ் வயரிங்

மூன்று தொடர் செல்லுக்கான பலகையில் நான்கு பெட்டரி முனைகள் இருக்கும்: B-, B1, B2, B+. சில பலகைகளில் பெயர்கள் கொஞ்சம் மாறும். வெளியே போகும் முனைகள் P+, P-. சார்ஜரும் ரோபோவும் இந்த இரண்டில்தான் சேரவேண்டும்.

B- வயரை முதலில் பற்றவைத்து, பிறகு கீழிருந்து மேலாகப் போங்கள். ஒவ்வொரு வயரையும் பலகையில் வைப்பதற்கு முன், மீட்டரின் கறுப்பு முனையை B- இல் வைத்து அளவுங்கள். செல்கள் தலா 3.8-இல் இருந்தால் B1-க்குப் போகும் வயர் 3.8, B2 வயர் 7.6, B+ வயர் 11.4 காட்டவேண்டும். B1-ம் B2-ம் இடம் மாறினால் பலகை அப்போதே எரிந்துபோகும்.

எல்லாம் சரியாகப் பற்றவைத்த பிறகும் P+, P- இடையே ஒன்றும் வராமல் இருக்கலாம். பயப்படவேண்டாம், பல பலகைகள் முதல் முறை சார்ஜரைத் தொட்டுக்காட்டினால்தான் விழித்துக்கொள்கின்றன.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. பலகை வெட்டுவது எதிர்முனைப் பக்கத்தை. அதாவது B-க்கும் P-க்கும் நடுவில்தான் அதன் சுவிச் இருக்கிறது. ரோபோவின் எதிர்முனை வயர், அதாவது தரை வயர், எந்த வழியாகவாவது B- ஐத் தொட்டுவிட்டால் காவல் முழுவதும் சுற்றிக்கொண்டு போய்விடும். பலகை "வெட்டிவிட்டேன்" என்று நினைக்கும், மின்சாரம் பக்கத்து வழியாக ஓடிக்கொண்டே இருக்கும். பெரும்பாலும் இது எப்படி நடக்கிறதென்றால், செல்களின் வோல்ட்டைத் தனித்தனியே படிக்கிறேன் என்று B- வயரை ஆர்டுயினோவின் GND முனையில் மாட்டுகிறார்கள். ஆர்டுயினோவின் தரை எப்போதும் P- ஆகவே இருக்கட்டும்.

B+ வயரில் செல்லுக்கு மிக அருகிலேயே ஒரு 10 அம்பியர் பிளேட் பியூஸ் போடுங்கள். ஓட்டோ உதிரிப்பாகக் கடையில் தாங்கியோடு கிடைக்கும்.

கடைசியாக, எல்லாம் சோதித்த பின் பலகையின் மேல் நகப்பூச்சு ஒரு கை பூசிவிடுங்கள். நம் ஊர் மூடுபனியில் ஓடிய ரோபோவை வீட்டுக்குள் கொண்டுவந்தால் குளிர்ந்த பலகையின் மேல் நீர் வியர்க்கும். நெருக்கமாக இருக்கும் முனைகளுக்கு இடையே அந்த ஈரம் பச்சைப் பூசணமாக வளர்வதை நான் பார்த்திருக்கிறேன்.

## படி 3: சார்ஜர்

லித்தியத்தைச் சார்ஜ் செய்வது இரண்டு கட்டம். முதலில் மின்னோட்டத்தை ஒரே அளவில் பிடித்துக்கொண்டு வோல்ட் ஏற விடுகிறோம். 4.2 தொட்டதும் வோல்ட்டை அங்கேயே பிடித்துக்கொள்கிறோம். மின்னோட்டம் தானாகக் குறைந்து குறைந்து வரும்.

இதற்குச் சுலபமான வழி, பழைய 19 வோல்ட் லெப்டொப் அடப்டரும் XL4015 சிப் உள்ள வோல்ட் குறைக்கும் பலகையும். வோல்ட், மின்னோட்டம் இரண்டையும் திருகிச் சரிசெய்யும் வகையாகப் பார்த்து வாங்குங்கள். ஒரே ஒரு திருகு மட்டும் இருந்தால் அது இந்த வேலைக்கு ஆகாது. 12 வோல்ட் அடப்டரும் உதவாது, ஏனென்றால் இந்தப் பலகையால் வோல்ட்டைக் குறைக்க மட்டுமே முடியும்.

பெட்டரியை மாட்டாமல் முதலில் வோல்ட்டைச் சரிசெய்யுங்கள். கணக்குப்படி 12.6, ஆனால் நான் 12.5-இல் வைப்பேன். நம் கையில் இருக்கும் மலிவு மீட்டர் ஒரு சதவீதம் தவறினாலே 0.12 வோல்ட் போய்விடுகிறது. 12.5-இல் வைத்தால் கொள்ளளவில் இழப்பது சில சதவீதம்தான். செல் கூடுதல் காலம் உழைக்கும். அடுத்து மின்னோட்டத் திருகை முழுக்கக் குறைத்துவிட்டு, மீட்டரின் சிவப்பு வயரை 10 அம்பியர் துளைக்கு மாற்றி, அதைப் பலகையின் வெளிமுனைகளுக்குக் குறுக்கே வைத்து 1 அம்பியர் வரும்வரை மெதுவாக ஏற்றுங்கள். வேலை முடிந்ததும் சிவப்பு வயரைப் பழைய துளைக்கு உடனே மாற்றிவிடுங்கள். மறந்துபோய் அப்படியே பெட்டரியை அளக்கப் போனால் மீட்டர் ஷோர்ட் வயராக மாறிவிடும்.

4 அம்பியர்மணிப் பெட்டரிக்கு 1 அம்பியர் என்றால் நிறைய ஏறக்குறைய ஐந்து மணிநேரம் ஆகும். அவசரப்படாதீர்கள், பழைய செல்லுக்கு அந்த வேகம் போதும்.

இந்தப் பலகைக்கு மூன்று குறைகள் உண்டு. ஒன்று, அது நிறைந்த பிறகும் நிறுத்தாது, 12.5-ஐப் பிடித்தபடியே நாட்கணக்கில் நிற்கும். மின்னோட்டம் 0.2 அம்பியருக்கு வந்ததும் நீங்களே கழற்றவேண்டும். இரண்டு, சுவரில் கரண்ட் போய்விட்டால் பெட்டரியிலிருந்து பலகைக்குள் மின்சாரம் பின்வாங்கி ஓடும். அடப்டரைக் கழற்றிவிட்டுப் பலகையைப் பெட்டரியிலேயே விட்டால் மெல்ல மெல்ல வற்றும். ஆகவே கழற்றும் இடம் பெட்டரிப் பக்கத்து பிளக்காக இருக்கட்டும். மூன்று, மிகவும் இறங்கிய செல்லை அது மென்மையாகத் தொடங்காது. ஏதாவது ஒரு சோடி 3.0-க்குக் கீழே இருந்தால் மின்னோட்டத்தை 0.2 அம்பியருக்குக் குறைத்து, 3.0 தாண்டிய பிறகு 1-க்கு ஏற்றுங்கள்.

குளிரைப் பற்றியும் சொல்லவேண்டும். செல் தயாரிப்பாளர்கள் சார்ஜ் செய்யக் கொடுக்கும் வெப்ப எல்லை பொதுவாக 0 முதல் 45 பாகை. உறைநிலைக்குக் கீழே சார்ஜ் செய்தால் லித்தியம் உள்ளே போய்ச் சேராமல் மேற்பரப்பில் உலோகமாகவே படிந்துவிடும். அந்தப் படிவு திரும்பிப் போகாது. நுவரெலியாவில் ஜனவரி, பெப்ரவரி விடியலில் புல்லின் மேல் உறைபனி விழுகிற நாட்கள் உண்டு. இரவில் வெளித்திண்ணையிலோ தகரக் கொட்டகையிலோ கிடந்த பெட்டரியை விடிந்ததும் சார்ஜில் போடாதீர்கள். வீட்டுக்குள் எடுத்துவந்து ஓரிரு மணிநேரம் வையுங்கள். ஆனால் அடுப்படியில் காய்ச்சவேண்டாம்.

சார்ஜ் செய்யும் இடம் சீமெந்துத் தரை, அதன்மேல் ஒரு மண்சட்டி. லயத்து வீட்டில் மரப்பலகையும் துணியும் நெருங்கிக் கிடக்கும், அடுத்த வீட்டுச் சுவரும் ஒன்றுதான். அதனால் இரவு போட்டுவிட்டுத் தூங்கப்போவது வேண்டவே வேண்டாம். செல் கைக்குச் சுட்டால், அல்லது இனிப்பான கரைப்பான் வாசனை வந்தால், அடப்டரைச் சுவரில் கழற்றி, பெட்டரியைச் சட்டியோடு வெளியே வையுங்கள்.

## படி 4: ரோபோ தானாக நிற்பது

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. பிஎம்எஸ் திடீரென்று வெட்டினால் ரோபோ செத்த பொருளாகிவிடும். மேட்டில் இருந்தால் உருளும். நாமே முன்கூட்டி நிறுத்தினால் மோட்டரைப் பிரேக் போட்டுப் பிடித்து, மணியடித்து, யாராவது வந்து தூக்க நேரம் கொடுத்துவிட்டு அணையலாம்.

முதலில் வோல்ட்டைப் படிக்கவேண்டும். பெட்டரியின் நேர்முனையிலிருந்து 100 கிலோஓம் தடை, அதன் கீழ் 8.2 கிலோஓம் தடை தரைக்கு. நடு முனையை A0-க்குக் கொடுத்து, அங்கிருந்து தரைக்கு ஒரு 0.1 மைக்ரோபரட் கபாசிட்டர் போடுங்கள். 12.6 வோல்ட் வரும்போது A0-இல் 0.955 வோல்ட் இருக்கும். ஆர்டுயினோவின் உள்ளே இருக்கும் 1.1 வோல்ட் ஒப்பீட்டைப் பயன்படுத்துகிறோம். வழக்கமான 5 வோல்ட்டை ஒப்பீடாக வைத்தால், மோட்டர் இழுக்கும்போது அந்த 5-ம் சேர்ந்து அசைந்து, அளவு பொய்யாகிவிடும்.

அடுத்து அணைக்கும் சுவிச். IRF4905 என்ற பி-சானல் மொஸ்பெட் ஒன்று எடுங்கள். அதன் சோர்ஸ் கால் P+-க்கு, ட்ரெயின் கால் ரோபோவுக்கு. கேட்டுக்கும் சோர்ஸுக்கும் நடுவே 100 கிலோஓம். கேட்டை ஒரு சாதாரண என்பிஎன் டிரான்சிஸ்டரின் கலெக்டருக்குக் கொடுத்து, எமிட்டரைத் தரைக்குப் போடுங்கள். பேஸுக்கு 10 கிலோஓம் வழியாக ஆர்டுயினோவின் 4-ஆம் கால். டிரான்சிஸ்டரின் கலெக்டர், எமிட்டருக்குக் குறுக்கே ஓர் அழுத்து பட்டன். பட்டனை அழுத்தினால் மின்சாரம் வரும், ஆர்டுயினோ விழித்து 4-ஆம் காலை உயர்த்திச் சுவிச்சைத் தானே பிடித்துக்கொள்ளும். அணையவேண்டுமென்றால் அந்தக் காலை இறக்கினால் போதும். சில நானோக்கள் விழிக்க ஒன்றிரண்டு வினாடி எடுக்கும், அதுவரை பட்டனை விடாதீர்கள். மேலே சொன்ன இரண்டு தடைகளையும் ட்ரெயின் பக்கத்தில் இணைத்தால், அணைந்த பிறகு அவையும் பெட்டரியைக் குடிக்காது.

```cpp
const float K = 0.01418;
unsigned long t0 = 0;

void setup() {
  pinMode(4, OUTPUT);
  digitalWrite(4, HIGH);
  analogReference(INTERNAL);
}

float packVolts() {
  long s = 0;
  for (int i = 0; i < 16; i++) s += analogRead(A0);
  return s / 16.0 * K;
}

void checkPack() {
  if (packVolts() > 9.9) t0 = millis();
  else if (millis() - t0 > 3000) {
    brakeMotors();
    tone(5, 2000);
    delay(20000);
    digitalWrite(4, LOW);
    while (true);
  }
}
```

`checkPack()`-ஐ `loop()`-க்குள் ஒவ்வொரு சுற்றிலும் அழையுங்கள். `brakeMotors()` உங்கள் மோட்டர் பலகைக்கு ஏற்றபடி நீங்கள் எழுதவேண்டியது. L298N என்றால் எனேபிள் உயர்ந்திருக்க இரண்டு உள்ளீடுகளையும் ஒரே நிலைக்குக் கொண்டுவந்தால் மோட்டர் பிடிக்கும். மின்சாரம் முழுவதும் போனபின் அந்தப் பிடி இருக்காது, அந்த இருபது வினாடிக்குள் ஆள் போய்ப் பிடிக்கவேண்டும்.

`K`-இன் எண் கணக்கில் வந்தது. சிப்புக்குச் சிப் அந்த 1.1 வோல்ட் உண்மையில் 1.0 முதல் 1.2 வரை இருக்கலாம். ஆகவே ஒருமுறை `analogRead` எண்ணையும் மீட்டர் காட்டும் வோல்ட்டையும் சேர்த்து எடுத்து, வோல்ட்டை எண்ணால் வகுத்து வரும் விடையை `K`-இல் போடுங்கள்.

9.9 ஏன்? மூன்று வினாடி ஏன்? 9.9 என்றால் செல்லுக்கு 3.3. அதற்குக் கீழே செல்லில் மிச்சம் இருப்பது மிகக் கொஞ்சம், அதை விட்டுவிடுவதால் நட்டமில்லை. மூன்று வினாடிக்குக் காரணம் மேடு. அந்த மாணவர்களின் பெட்டரி, வயர், பலகை எல்லாம் சேர்த்து உள்தடை 0.18 ஓம் வந்தது. சமதரையில் 1.2 அம்பியர் இழுக்கும்போது 0.2 வோல்ட் இறங்கும். மேட்டில் 3.5 அம்பியர், இறக்கம் 0.6. சில்லு ஒரு கல்லில் மாட்டி மோட்டர் திணறும் நொடியில் 6 அம்பியர், இறக்கம் 1.1. மூன்று வினாடி பொறுக்காமல் முடிவெடுத்தால் ஒவ்வொரு கல்லிலும் ரோபோ நின்றுவிடும்.

நின்ற பிறகு வோல்ட் மீண்டும் ஏறும் என்பதையும் மறக்காதீர்கள். மோட்டர் நின்றதும் 9.9 மறுபடி 10.4 ஆகிவிடும். அதைப் பார்த்து ரோபோவை மறுபடி ஓடவிட்டால் நின்று, ஓடி, நின்று, ஓடி செல்லைக் கடைசிச் சொட்டுவரை உறிஞ்சிவிடும். அதனால்தான் மேலே உள்ள நிரல் ஒருமுறை முடிவெடுத்தால் மாற்றிக்கொள்வதில்லை.

குளிரில் உள்தடை கூடும். விடியற்காலை எட்டு, பத்துப் பாகையில் மேட்டில் ஏறும் ரோபோ, செல்லில் கால்வாசி இருக்கும்போதே நின்றுவிடலாம். அப்போது 9.9-ஐக் குறைக்காதீர்கள். பெட்டரியை வீட்டுக்குள் வைத்திருந்து, ஓட்டும் நேரத்தில் மட்டும் பொருத்துங்கள். ஓடத் தொடங்கினால் அதன் சொந்தச் சூடே பிறகு காக்கும்.

## அந்த ரோபோ ஏன் நின்றது

இப்போது தம்பியின் கேள்விக்கு வருவோம். செல் முனைகளில் மொத்தம் 10.6, ஆனால் P+, P- இடையே ஒன்றுமில்லை. அப்படியென்றால் வெட்டியது பிஎம்எஸ். மொத்த வோல்ட் நன்றாக இருக்கும்போது பிஎம்எஸ் வெட்டினால், சோடிகளைத் தனித்தனியே அளக்கவேண்டும். B-யிலிருந்து B1 வரை 3.71. B1-இலிருந்து B2 வரை 3.20. B2-இலிருந்து B+ வரை 3.72. நடுச்சோடி மட்டும் ஏறக்குறைய காலி. மேட்டில் ஐந்து அம்பியர் இழுத்த நொடியில் அது 2.5-க்குக் கீழே விழுந்திருக்கிறது, பலகை சரியாகவே தன் வேலையைச் செய்திருக்கிறது. சுமை போனதும் 3.20-க்கு எழும்பிவிட்டதால் மொத்தத்தைப் பார்த்த மீட்டருக்கு ஒன்றும் தெரியவில்லை.

"பெலன்ஸ் ஆகல போல" என்றார்கள், அதாவது சோடிகளின் சார்ஜ் சமமாக இல்லை என்று. இருக்கலாம், ஆனால் அதை உறுதிசெய்ய ஒரு வழி உண்டு. முழுவதும் சார்ஜ் செய்தோம். மூன்று சோடிகளும் 4.16, 4.17, 4.17. ஒரு நாள் சும்மா வைத்தோம், அப்படியே நின்றன. நிறையும்போது சமமாக இருந்து, சும்மா கிடக்கும்போதும் சமமாக இருந்து, ஓட்டும்போது மட்டும் ஒன்று முந்தி இறங்கினால் அது பெலன்ஸ் பிரச்சினை இல்லை. அந்தச் சோடியின் கொள்ளளவு குறைந்துவிட்டது. நிறையும்போதே வித்தியாசம் இருந்தால்தான் பெலன்ஸ். சும்மா கிடக்கும்போது ஒன்று இறங்கினால் கசிகிற செல்.

சுற்றியிருந்த பிளாஸ்டிக்கைக் கிழித்துப் பார்த்தோம். நடுச்சோடியின் ஒரு செல்லில் நிக்கல் பட்டி வெல்டிங் விட்டு, தாள் கனத்துக்கு மேலே தூக்கிக்கொண்டு நின்றது. விரலால் அழுத்தினால் தொடும், விட்டால் எழும்பும். நிரைகளுக்கிடையே குலுங்கிய குலுக்கலில் விட்டிருக்கிறது. இரண்டு செல் இருக்கவேண்டிய இடத்தில் ஒன்று மட்டும் வேலை செய்ததால் கொள்ளளவு பாதி, உள்தடை இரட்டிப்பு. 4 அம்பியர்மணிப் பெட்டரியில் ஏறக்குறைய 1.9 போனபோது மற்றச் சோடிகள் பாதியில் இருந்தன, நடுச்சோடி முடிந்துவிட்டது. கணக்கு அப்படியே பொருந்தியது.

பட்டியை மறுபடி வெல்டிங் செய்வதற்கு முன், தனித்துக் கிடந்த செல்லையும் அதன் சோடியையும் ஒரே வோல்ட்டுக்குக் கொண்டுவந்தோம். அதைச் செய்யாமல் தொட்டிருந்தால் பொறி பறந்திருக்கும். பிறகு பெட்டரிக்கும் சட்டகத்துக்கும் நடுவே பழைய இறப்பர் செருப்பை வெட்டி வைத்து இறுக்கினோம். மேட்டில் ஏறிய ரோபோ இந்த முறை நாற்பத்தைந்து நிமிடம் ஓடி, மணியடித்து, பிரேக் பிடித்து நின்றது. பிஎம்எஸ் வெட்டவில்லை.

## பராமரிப்பில் இரண்டு வேலை

ஐந்தாறு தடவைக்கு ஒருமுறை, சார்ஜ் முடிந்ததும் மூன்று சோடிகளையும் அளந்து ஒரு கொப்பியில் எழுதுங்கள். வித்தியாசம் 0.05-ஐத் தாண்டினால் சமன்படுத்தவேண்டும். பெலன்ஸ் வசதியுள்ள பலகைகள் 4.2-ஐ நெருங்கியபின்தான் அந்த வேலையைத் தொடங்கும், நாம் 12.5-இல் நிறுத்துவதால் அதற்கு வாய்ப்புக் கிடைக்காமல் போகலாம். அன்று மட்டும் 12.6-க்கு ஏற்றி, பக்கத்தில் இருந்துகொண்டு சில மணிநேரம் விடுங்கள். பலகை எரித்துக் குறைப்பது பெரும்பாலும் 50 மில்லிஅம்பியர் அளவுதான், 200 மில்லிஅம்பியர்மணி வித்தியாசத்துக்கு நான்கு மணிநேரம் வேண்டும். உங்கள் பலகையில் அந்த வசதியே இல்லையென்றால், போன் சார்ஜரில் மாட்டிய, ஒற்றைச் செல்லைச் சார்ஜ் செய்யும் TP4056 பலகை ஒன்றைக் குறைந்த சோடிக்கு மட்டும் இணைத்து நிரப்பலாம். ஒரு நேரத்தில் ஒரு சோடி மட்டும். ஒரே போன் சார்ஜரிலிருந்து இரண்டு பலகைகளை இரண்டு சோடிக்குக் கொடுத்தால் தரை வழியாக ஷோர்ட் ஆகும்.

பாடசாலை விடுமுறைக்கு வைக்கும்போது நிறைத்து வைக்காதீர்கள், காலியாகவும் வைக்காதீர்கள். மொத்தம் 11.2-இலிருந்து 11.4 வரை இருக்கட்டும். பிளேட் பியூஸைப் பிடுங்கி, பெட்டரியின் மேலேயே டேப்பால் ஒட்டிவிடுங்கள். பிஎம்எஸ் மட்டும் B1, B2 வழியாகக் கொஞ்சம் குடிக்கும், அதைத் தவிர்க்க முடியாது. மாதம் ஒருமுறை சோடிகளை அளவுங்கள். ஏதாவது ஒன்று 3.5-க்குக் கீழே வந்தால் அரைமணிநேரம் சார்ஜ் கொடுத்து மறுபடி எடுத்து வையுங்கள்.